ஜிமெயிலில் Undo மறைந்த பிறகு மெயிலை நிறுத்த வழி உண்டா?

நூல்கண்டு:
நேற்று மாலை நடந்த கூத்து. பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஒரு ஸ்டைலுக்குக் காஸ்ட் ஷீட் போட்டு புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும், முதலாளிக்கு Cc. நூல் விலை, நிட்டிங், டையிங், தையல் கூலி, கடைசி வரியில் நம் லாபம் எத்தனை சதவீதம் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். To-வில் மூன்று எழுத்து அடித்ததும் ஜிமெயில் காட்டிய பெயரைத் தட்டிவிட்டேன். அது மேனேஜர் இல்லை. அதே மூன்று எழுத்தில் தொடங்கும் பையிங் ஏஜென்ட், வாங்குகிறவர் பக்கம் நின்று நம்மிடம் விலை பேசுகிறவர்.

Send அழுத்திய அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. கீழே இடது மூலையில் Message sent, பக்கத்தில் Undo என்று வந்ததையும் பார்த்தேன். மவுஸை அங்கே கொண்டு போவதற்குள் காணோம். பதற்றத்தில் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அப்புறம் போனில் ஜிமெயிலைத் திறந்து Sent-இல் இருந்தும் அழித்தேன்.

ஒயரைப் பிடுங்கியதால் நின்றிருக்குமா? இல்லையென்றால் இனி ஏதாவது செய்ய முடியுமா?

வெள்ளாடு78:
பயப்படாதீங்க. Undo என்பதே அனுப்பிய மெயிலை கூகுள் திரும்ப இழுத்துக்கொள்வதுதான். Undo 5 நொடியில் மறைவது இலவசக் கணக்குக்கு. ஏஜென்ட்டும் ஜிமெயில் என்றால் இரண்டு பெட்டியும் கூகுளிடம்தானே இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவார்கள். நெட்டைத் துண்டித்ததும் நல்ல யோசனை. அப்லோடு பாதியில் நின்றிருக்கும்.

ராமநாதபுரத்தான்:
அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து Delete for everyone கொடுத்தால் போதுமே. இரண்டு நாளுக்கு மேல் நேரம் கொடுக்கிறார்கள். நான் மாமனார் குரூப்பில் தப்பாகப் போட்ட போட்டோவை மறுநாள் காலையில்தான் அழித்தேன், யாரும் பார்க்கவில்லை.

நூல்கண்டு:
அண்ணே, அது வாட்ஸ்அப். இது மெயில்.

ராமநாதபுரத்தான்:
ஓ. சரி. மெசேஜ் sent என்று இருந்ததும் குழம்பிவிட்டேன். மெயிலில் ஏன் அப்படி இல்லை?

சர்வர்காரன்:
பதினைந்து வருடமாக மெயில் சர்வர் பராமரிப்பதே பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெள்ளாடு சொன்னது பாதிதான் சரி. Undo எதையும் திரும்ப இழுப்பதில்லை. நீங்கள் Send அழுத்தியதும் மெயில் உங்கள் பிரவுசரிலிருந்து கூகுளின் சர்வருக்குப் போய்விடுகிறது. அங்கேயே கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் அமைத்திருக்கும் நேரம் வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் Undo அழுத்தினால் அனுப்பாமல் டிராஃப்டாகத் திறந்து தருகிறார்கள். அழுத்தாவிட்டால்தான் உண்மையான அனுப்புதலே தொடங்குகிறது. திரையில் Message sent என்று போடுவது ஒரு மரியாதைப் பொய். அந்த வரி வரும்போது மெயில் கூகுளின் வாசலைத் தாண்டியிருக்காது. நேரமும் காசு கொடுத்த கணக்கு, கொடுக்காத கணக்கு என்று மாறுவதில்லை. 5, 10, 20, 30 நொடி என நான்கு தேர்வுகள், மாற்றாமல் விட்டால் 5.

இந்த வசதி 2009 மார்ச்சில் ஜிமெயில் லேப்ஸில் ஒரு சோதனையாக வந்தது. 2015 ஜூனில்தான் எல்லாருடைய அமைப்புகளுக்குள்ளும் வந்தது. முதல் அறிவிப்பிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: அந்தச் சில நொடிக்குள் பிரவுசர் மூடினாலும் முடங்கினாலும் மெயில் போய்விடும்.

அதனால் ஒயரைப் பிடுங்கியது உதவவில்லை. அது மட்டும் இல்லை, கெடுத்திருக்கவும் கூடும். மெயில் ஏற்கெனவே அங்கே போய்விட்டது. இங்கிருந்து போக வேண்டியது ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்தான், அது போகும் வழியை அடைத்துவிட்டீர்கள். பெரிய இணைப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது, Sending என்று காட்டும் கட்டத்தில் பிடுங்கியிருந்தால் கதை வேறு. Message sent வந்துவிட்டது என்கிறீர்கள், அப்போது ஏற்றம் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கணக்குப்பிள்ளை:
ஆனால் ஒயர் பிடுங்கும் பழக்கம் சும்மா வந்ததில்லை. கம்ப்யூட்டரில் போட்ட பழைய அவுட்லுக்கில் மெயில் முதலில் நம் மெஷினில் இருக்கும் Outbox-க்குத்தான் போகும். அது கிளம்புவதற்குள் நெட்டைத் துண்டித்தால் உண்மையாகவே நிற்கும். நானே இரண்டு முறை தப்பித்திருக்கிறேன். நூல்கண்டு, யாராவது சீனியர் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்திருப்பார்.

நூல்கண்டு:
ஆமாம், எங்கள் பழைய அக்கவுண்டன்ட் அண்ணன்! அவர் அவுட்லுக்தான் வைத்திருந்தார்.

சர்வர்காரன் அண்ணே, 5 நொடி முடிந்த பிறகு என்ன நடக்கும்? உடனே ஏஜென்ட் பெட்டியில் விழுந்துவிடுமா?

சர்வர்காரன்:
பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடியில். என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூகுளின் சர்வர் ஏஜென்ட்டின் டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று தேடிப் பிடித்து, அதனுடன் பேசத் தொடங்குகிறது. சுருக்கமாக இப்படி:

```
MAIL FROM:<team@example.com>
250 OK
RCPT TO:<agent@example.net>
250 OK
DATA
354 Go ahead
...
.
250 OK: queued as 4F1B2C0D9E
```

எண்ணுடன் தொடங்குபவை எதிர்ப்பக்க சர்வரின் பதில்கள். கடைசியில் தனியாக ஒரு புள்ளி இருக்கிறதே, அதுதான் ‘கடிதம் முடிந்தது’ என்பதற்கான அடையாளம். அதற்கு எதிர்ப்பக்கம் 250 சொன்ன கணத்தில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. இனி அந்தக் கடிதத்தைச் சேர்ப்பதோ, சேரவில்லை என்று திருப்பிச் சொல்வதோ அவர்கள் வேலை. புள்ளிக்கு முன்னால் அனுப்புகிறவர் இணைப்பை அறுத்துவிட்டால் அந்தக் கடிதம் கணக்கில் வராது. புள்ளிக்கும் 250-க்கும் பிறகு, ‘அனுப்பினேனே, அதைத் திருப்பிக் கொடு’ என்று கேட்க இந்தப் பேச்சுமுறையில் ஒரு கட்டளைகூடக் கிடையாது. கூகுள் நினைத்தாலும் கேட்க முடியாது. கேட்பதற்கு வார்த்தையே இல்லை.

ராமநாதபுரத்தான் கேட்டதற்கும் இதுதான் விடை. வாட்ஸ்அப்பில் இரண்டு முனையிலும் ஒரே கம்பெனியின் ஆப். மெசேஜ் உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். பிறகு ‘அதை அழி’ என்று இன்னொரு செய்தி போகிறது, அந்தப் பக்கத்து ஆப் கீழ்ப்படிகிறது. மெயிலில் அந்தப் பக்கம் இருப்பது யாருடைய மென்பொருளோ, அதற்கு நாம் கட்டளை இட முடியாது.

Sent-இல் அழித்ததும் உங்கள் பிரதியை மட்டும்தான் அழித்திருக்கிறது. Trash-இல் 30 நாள் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன அனுப்பினோம் என்பதற்கு நாளைக்கு அதுதான் சாட்சி.

வெள்ளாடு78:
அப்படியானால் ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்கு? அங்கே எதிர்ப்பக்கமும் கூகுள்தானே. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சர்வர்காரன்:
தொழில்நுட்பத்தில் முடியாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் கையில் அதற்கு ஒரு பட்டனும் இல்லை. இன்னொருவர் பெட்டிக்குள் விழுந்தது அவருடையது. ஒரே கம்பெனி டொமைனுக்குள் நடந்திருந்தால், சில வகைச் சந்தாவில் அந்தக் கம்பெனியின் அட்மின் தன் ஊழியர்களின் பெட்டியிலிருந்து தேடி எடுத்துவிட முடியும். ஏஜென்ட் வெளியாள். வழி இல்லை.

மழைத்தவளை:
எல்லாம் சரி, எத்தனை நொடியில் போனது என்று யாருக்குத் தெரியும்? 5 நொடி முடிவதற்குள் ஒயர் பிடுங்கினாரா, பிறகா? முதலாளிக்கு Cc போயிருக்கிறது. அவர் பெட்டியில் வந்த பிரதியைத் திறந்து பார்க்கலாமே.

சர்வர்காரன்:
நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை: முதலாளியும் ஏஜென்ட்டும் வேறு வேறு டொமைன் என்றால் கூகுள் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகத்தான் பேசும். முதலாளியின் பிரதி காட்டுவது முதலாளிக்கு வந்த நேரத்தை. ஏஜென்ட்டுக்கு ஏறக்குறைய அதே நேரம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நூல்கண்டு:
முதலாளிக்குக் கம்பெனி பெயரில் தனி ஹோஸ்டிங், எங்கள் டீமுக்கு மட்டும்தான் ஜிமெயில். அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டு, அந்த மெயிலின் ஹெடரை எடுத்து வந்தேன். சில வரிகளை வெட்டிவிட்டு ஒட்டுகிறேன்:

```
Received: from ... by mail.example.in (Postfix) ...;
  Tue, 17:42:18 +0530
Date: Tue, 17:42:11 +0530
```

பக்கத்து சீட் பெண் ‘நெட் போச்சா?’ என்று எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் 5:43-க்கு. அவள் எப்போதும் உடனே கேட்பாள்.

சர்வர்காரன்:
Received வரியைத்தான் நான் நம்புவேன். அது உங்கள் முதலாளியின் சர்வர் தானே எழுதியது, கடிதம் கைக்கு வந்த நேரம் 5:42:18. நீங்கள் ஒயர் பிடுங்கியது 5:43-ஐ ஒட்டி. எப்படிப் பார்த்தாலும் கடிதம் போய் அரை நிமிடமாவது ஆகியிருக்கும். Undo மறைந்ததைப் பார்த்து, திகைத்து, எழுந்து போய் மோடத்தைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

Date என்பது அனுப்பும் பக்கம் எழுதுவது. அது தப்பாகவும் இருக்கலாம், அதை வைத்து நொடிக் கணக்குப் போடாதீர்கள்.

மழைத்தவளை:
ஆனால் 11-லிருந்து 18, ஏழு நொடி. ஐந்து நொடி காத்திருப்பு, இரண்டு நொடி பயணம் என்று அழகாகப் பொருந்துகிறதே. Date, Send அழுத்திய நேரமாக இருந்தால்.

சர்வர்காரன்:
பொருந்துகிறது என்பதாலேயே அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஐந்து நொடி வேறு எங்காவது வரிசையில் நின்றும் கழிந்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அவுட்லுக்கில் Recall இருக்கிறதே, அது ஏன் முடிகிறது? எங்கள் ஆபீசில் ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை செய்கிறார்.

சர்வர்காரன்:
அது முடிவது ஒரே நிறுவனத்துக்குள், எல்லாருடைய பெட்டியும் அதே எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்தால் மட்டும். முன்பெல்லாம் பெறுபவர் படித்திருக்கக் கூடாது, அவரிடமும் அவுட்லுக் இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனை, பாதி நேரம் தோற்கும். 2023-இல் அதை மாற்றி, மேகத்தில் இருக்கும் பெட்டியிலிருந்தே எடுக்கும்படி செய்தார்கள். அட்மின் தடுக்காவிட்டால் படித்த மெயிலையும் எடுத்துவிடும். படித்ததை மனதிலிருந்து எடுக்காது, அது வேறு.

பழைய முறையில் வெளி ஆளுக்கு Recall கொடுத்தால் நடப்பது சிரிப்பு. அவர் பெட்டியில் முதல் மெயில் அப்படியே இருக்கும். அதற்கு மேலே, ‘இன்னார் அந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று இன்னொரு மெயில் போய் நிற்கும்.

மழைத்தவளை:
எனக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறது. அதற்கு முன்னால் அந்த முதல் மெயிலை நான் திறக்கக்கூட இல்லை. இது வந்ததும் வரிக்கு வரி படித்தேன். நம்புங்கள், சாதாரண மீட்டிங் குறிப்புதான், தேதி தப்பு.

நூல்கண்டு:
சரி, போனது போனதுதான். ஆனால் இன்று காலை இன்னொரு விஷயம். ஏஜென்ட்டுக்குப் போன மெயில் பற்றித் தகவல் எதுவும் இல்லை. ஆனால் அதே மெயிலில் ஏஜென்ட்டின் உதவியாளரும் Cc-யில் இருந்திருக்கிறார் (ஜிமெயில் தானாகப் பரிந்துரைத்ததை நான் கவனிக்காமல் தட்டியிருக்கிறேன்). அவர் முகவரி வேறு டொமைன். அதற்கு மட்டும் Delivery incomplete என்று வந்திருக்கிறது, இன்னும் 30 மணி நேரத்துக்குச் சொச்சம் முயற்சி செய்வோம் என்கிறது. இதையாவது நிறுத்தலாமா?

சர்வர்காரன்:
இதுதான் வயிற்றெரிச்சலான இடம். அந்த உதவியாளரின் சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லியிருக்கிறது, அதாவது ‘இப்போது முடியாது, பிறகு வா’. பெட்டி நிறைந்திருக்கலாம், சர்வருக்கு அப்போது வேலை அதிகமாக இருந்திருக்கலாம். கடிதம் இன்னும் கூகுளின் வரிசையில்தான் நிற்கிறது, புள்ளிக்கு 250 கிடைக்கவில்லை. நிறுத்த முடியக்கூடிய கடிதம். ஆனால் ஜிமெயில் உங்களுக்கு அதற்கு ஒரு பட்டன் தருவதில்லை. ஒவ்வொரு முறை முயலும்போதும் அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என வேண்டிக்கொள்வதுதான்.

உங்கள் முதலாளியின் சர்வர் போல நம் கைப்பட ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இருந்து போயிருந்தால் அட்மினால் முடியும்:

```
mailq
postsuper -h 4F1B2C0D9E
postsuper -d 4F1B2C0D9E
```

முதல் கட்டளை வரிசையில் நிற்பவற்றைக் காட்டும், இரண்டாவது அந்த ஒரு கடிதத்தை நிறுத்தி வைக்கும், மூன்றாவது அழித்துவிடும். முதலில் நிறுத்தி வையுங்கள், அழிப்பதை நிதானமாகச் செய்யலாம். அவசரத்தில் அந்த எண்ணுக்குப் பதில் ALL என்று அடித்து மொத்த வரிசையையும் அழித்தவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

வெள்ளாடு78:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனிமேலாவது இணைப்பாக அனுப்பாமல் டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள். தப்பாகப் போனால் பகிர்வை எடுத்துவிட்டால் போதும். மெயில் அங்கே கிடக்கும், உள்ளே ஒன்றும் திறக்காது. இதாவது முழுச் சரியா?

சர்வர்காரன்:
முக்கால் சரி. அவர் திறந்து இறக்கிக்கொள்வதற்குள் எடுக்க வேண்டும். லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம் என்று வைக்காமல் பெயர் சொல்லிப் பகிர்ந்தால், தப்பான ஆளுக்கு அனுப்பும்போது ‘இவருக்கு அனுமதி இல்லையே, தரட்டுமா’ என்று ஜிமெயிலே கேட்கும். நூல்கண்டு விஷயத்தில் அந்தக் கேள்வியே காப்பாற்றியிருக்கும். Confidential mode-இலும் Sent-இல் இருந்து Remove access கொடுக்கலாம். திரையைப் போட்டோ எடுப்பவரை ஒன்றும் செய்ய முடியாது.

நூல்கண்டு:
என் ஷீட் 180 கேபி. நேரடியாக இணைத்துவிட்டேன். 25 எம்பியைத் தாண்டியிருந்தால் தானாகவே டிரைவ் லிங்க் ஆகியிருக்கும். சின்ன ஃபைலாகப் போட்டது தப்பாகப் போய்விட்டது!

ராமநாதபுரத்தான்:
எனக்கு ஒரு சந்தேகம். 30 நொடியோடு ஏன் நிறுத்தினார்கள்? பத்து நிமிடம் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

கணக்குப்பிள்ளை:
குடிமுழுகும். பழைய அவுட்லுக்கில் ஒரு ரூல் போடலாம், போகிற மெயிலை எல்லாம் 120 நிமிடம் வரை Outbox-இல் நிறுத்தி வைக்கும். நான் 15 நிமிடம் என்று போட்டு வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5:50-க்கு ஒரு டெண்டர் மெயில், கடைசி நேரம் 6:30. அனுப்பிவிட்டேன் என்று மெஷினை ஷட்டவுன் செய்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். என்னுடையது POP கணக்கு. அவுட்லுக் திறந்திருந்தால்தான் Outbox-இல் இருப்பது போகும். திங்கட்கிழமை காலை திறந்ததும் என் கண் முன்னாலேயே கிளம்பிப் போயிற்று. டெண்டர் போனது. அதற்குப் பிறகு அந்த ரூலை 1 நிமிடம் ஆக்கிவிட்டேன்.

ஜிமெயிலில் சர்வரிலேயே வைத்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் எதிரில் ஆள் போனில் ‘வந்துவிட்டதா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது 30 நொடியே நீளம்தான்.

சர்வர்காரன்:
நேரம் வேண்டுமானால் Schedule send வையுங்கள். காஸ்ட் ஷீட் போன்றவற்றைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போட்டால், அதுவரை ரத்து செய்து டிராஃப்டாக்கிக்கொள்ளலாம். அதுவும் சர்வரில்தான் காத்திருக்கும், லேப்டாப்பை மூடிவிட்டுப் போகலாம்.

நூல்கண்டு:
Settings-இல் General-க்குப் போய் Undo Send-ஐ 30 ஆக்கினேன். மதியம் சோதித்தால் மறுபடியும் 5 நொடியில் மறைகிறது. பார்த்தால் பக்கத்தின் அடியில் Save Changes அழுத்தவில்லை. அழுத்திய பிறகு என் இன்னொரு கணக்குக்கு அனுப்பி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 32 நொடியில் வந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். காத்திருக்கும் 30 நொடிக்குள் வேறு ஒரு மெயிலை Archive செய்தால், அந்தக் கறுப்புப் பட்டையில் அதற்கான அறிவிப்பு வந்து அமர்ந்துகொள்கிறது. அனுப்பியதற்கான Undo காணாமல் போகிறது, மெயில் மட்டும் நேரத்துக்குப் போய்விடுகிறது. இப்போது Send அழுத்தினால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

மழைத்தவளை:
அந்தச் சோதனை மெயிலின் Date-க்கும் Received-க்கும் எத்தனை நொடி வித்தியாசம்? 30-ஐ ஒட்டி இருந்தால் நான் சொன்னது ஜெயிக்கும். ஒன்றிரண்டு என்றால் சர்வர்காரன் அண்ணன் ஜெயிப்பார்.

நூல்கண்டு:
அதை அழித்துவிட்டேன்! நாளைக்கு இன்னொன்று அனுப்பிப் பார்க்கிறேன்.

ஏஜென்ட்டுக்கு மாலை போன் செய்தேன். தப்பாக வந்துவிட்டது, திறக்காமல் அழித்துவிடுங்கள் என்றேன். ‘என்ன மெயில், நான் இன்னும் பார்க்கவே இல்லையே’ என்றார். அப்புறம் போனை வைப்பதற்கு முன்னால், டையிங் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார்.